எஸ்ஸேவுக்கு 16 நிமிடம்

மருத்துவப் படிப்பின் முதல் வருடம், உடலியங்கியல் இன்டெர்னல் தேர்வில் 43 வாங்கி ஃபெயில் ஆனேன். பாடம் தெரியாமல் போயிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். விடைத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கடைசிப் பக்கத்தில் பத்து 2 மதிப்பெண் கேள்விகள் தொடப்படாமலே கிடந்தன. 20 மதிப்பெண். எல்லாமே எனக்குத் தெரிந்த கேள்விகள்.

நேரம் எங்கே போனது என்று கணக்குப் பார்த்தேன். முதல் எஸ்ஸேவுக்கு 40 நிமிடம், இரண்டாவதுக்கு 35. அத்தனை நேரம் கொட்டியும் இரண்டிலும் சேர்த்துக் கிடைத்தது 20க்கு 13தான். திருத்திய ஆசிரியரிடமே போய்க் கேட்டேன். அவர் என் தாளைப் புரட்டி, "நாலரைப் பக்கம் எழுதியிருக்கே. கேட்டதுக்கு விடை எந்தப் பக்கத்துல இருக்கு, நீயே காட்டு" என்றார். நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். "ஒரு விடைக்கு எனக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். கேள்வியில கேட்ட வார்த்தை தலைப்பா இருக்கான்னு பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், எண்கள் சரியான்னு பார்ப்பேன். அப்புறம்தான் வரியைப் படிப்பேன்" என்றார்.

அன்று இரவு முதலில் பார்த்தது நேரக் கணக்கை. எங்கள் தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 10 மதிப்பெண் எஸ்ஸே இரண்டு, 5 மதிப்பெண் பத்து, 2 மதிப்பெண் பதினைந்து. 180 நிமிடத்தில் கேள்வித்தாளைப் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 10 கழித்தால் மீதி 160. ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம். அதாவது எஸ்ஸேவுக்கு 16, ஐந்து மதிப்பெண்ணுக்கு 8, இரண்டு மதிப்பெண்ணுக்கு 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். தேர்வு 10 மணிக்குத் தொடங்கினால் எஸ்ஸே இரண்டும் 10:42க்குள் முடிய வேண்டும், ஐந்து மதிப்பெண் எல்லாம் 12:02க்குள், மீதி 12:50க்குள். இந்த மூன்று நேரத்தையும்தான் மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் 16 நிமிடம் என்பது கைக்குப் புரியாது, பக்கம்தான் புரியும். அதனால் என் வேகத்தை அளந்தேன். ஒரு பக்கம் நிரப்ப 8 நிமிடம் ஆனது. ஆக ஒரு எஸ்ஸே என்றால் படம் உட்பட இரண்டு பக்கம், அவ்வளவுதான். நாலரைப் பக்கம் எழுதிய எனக்கு இது அநியாயமாகப் பட்டது. சரி, ஒரு கேள்வியை எடுத்து முயன்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது அதே தேர்வின் முதல் எஸ்ஸே: இரத்தத்தில் ஆக்சிஜன் எப்படிக் கடத்தப்படுகிறது என்று விளக்கு, ஆக்சிஜன்-ஹீமோகுளோபின் பிரிகை வளைகோட்டை வரை, அது வலப்பக்கம் நகரும் காரணங்களை எழுது (4+3+3). அடைப்புக்குள் இருக்கும் அந்த எண்களை நான் அதுவரை கண்டுகொண்டதே இல்லை. அவற்றை நிமிடமாக்கினால் முதல் பகுதிக்குச் சுமார் ஆறரை, மற்ற இரண்டுக்கும் தலா ஐந்துக்குச் சற்றுக் குறைவு. என் பழைய விடையில் முதல் இரண்டு பக்கமும் நுரையீரல் காற்றறையிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்துக்குள் ஊடுருவுவதைப் பற்றியே இருந்தன. கேள்வி கேட்டதோ இரத்தத்துக்குள் நுழைந்த பிறகு நடப்பதை. அந்த இரண்டு பக்கத்துக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

புது விடையில் முன்னுரை என்ற தலைப்பே கிடையாது. கேள்வியின் மூன்று பகுதிகளும் அதே சொற்களில், அதே வரிசையில் மூன்று தலைப்புகள். முதல் தலைப்புக்குக் கீழே இரண்டு துணைத்தலைப்பு: கரைந்த நிலை, ஹீமோகுளோபினோடு சேர்ந்த நிலை. கரைந்த நிலைக்கு இரண்டே வரி, ஏனென்றால் 100 மில்லி தமனி இரத்தத்தில் அது வெறும் 0.3 மில்லிதான். சேர்ந்த நிலைக்கு ஒரு சின்னக் கணக்கு: 1 கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடிக்கும், 100 மில்லியில் 15 கிராம் இருந்தால் சுமார் 20 மில்லி. இந்த ஒரு வரிக் கணக்கு செய்கிற வேலையை என் பழைய அரைப்பக்க வர்ணனை செய்யவில்லை.

படத்தில்தான் அதிகம் தடுமாறினேன். எஸ் மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படிப் போட்டால் கோடு தன் இஷ்டத்துக்கு வளையும், எண்கள் பொருந்தாது. இப்போது முதலில் இரண்டு அச்சும் போட்டுப் பெயரும் அலகும் எழுதிவிடுவேன்: கீழே ஆக்சிஜன் அழுத்தம், மி.மீ. பாதரசத்தில், பக்கவாட்டில் செறிவு, சதவீதத்தில். பிறகு மூன்று புள்ளி. 27க்கு நேராக 50 சதவீதம், 40க்கு 75, 100க்கு 97. பூஜ்யத்திலிருந்து தொடங்கி இவற்றைச் சேர்த்தால் வளைவு தானாக வந்து விழும். முதல் புள்ளியில் P50 என்று குறித்து, வலப்பக்கம் விட்டுவிட்டு வரும் கோடாக இன்னொரு வளைவு போட்டால் மூன்றாவது பகுதிக்கும் அதே படம் உதவும். எல்லாம் பென்சிலில், 3 நிமிடம். வண்ணப் பேனாவை முயன்று பார்த்தேன். மூடியைத் திறந்து மூடுவதிலேயே ஒரு நிமிடம் போனது, விட்டுவிட்டேன்.

படத்தைத் தலைப்பு எழுதிய உடனே போட்டுவிட வேண்டும். விளக்கத்தை முடித்துவிட்டுப் படம் போடலாம் என்று வைத்திருந்தபோதெல்லாம், படம் காட்டுவதையே வரியிலும் எழுதி முடித்திருந்தேன். படம் முன்னால் வந்தால் வரிக்கு மிஞ்சுவது 'ஏன்' மட்டும்: முதல் ஆக்சிஜன் சேர்ந்ததும் அடுத்தது சேர்வது எளிதாகிறது, அதனால்தான் அந்த எஸ் வடிவம். வலப்பக்க நகர்வுக்கும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை, வெப்பநிலை, 2,3-டிபிஜி ஆகிய நான்கும் கூடினால் வளைவு வலப்பக்கம் போகும் என்று எழுதிவிட்டு, உழைக்கும் தசையில் ஆக்சிஜன் எளிதாக விடுபடுவதற்கு இதுதான் காரணம் என்று ஒரு வரி.

முதல் முயற்சியில் 23 நிமிடம் ஆனது. ஒவ்வொரு தலைப்பும் முடிந்த நேரத்தை ஓரத்தில் குறித்திருந்ததால் எங்கே கசிகிறது என்று தெரிந்தது: முதல் பகுதிக்கு மட்டும் 12 நிமிடம். நான்காவது முறை 17. தினமும் முழு விடை எழுத நேரமில்லை. பழைய கேள்விகளுக்குத் தலைப்பும் படமும் மட்டும் போட்டுப் பார்ப்பேன், ஒன்றுக்கு நான்கு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றை முழுதாக எழுதுவேன். பாடம் தெரியாத இடத்தில் இந்த முறை ஒன்றும் செய்யாது. தலைப்பு பளிச்சென்று நிற்கும், கீழே காலியாக இருப்பதும் பளிச்சென்று தெரியும். நோயாளியின் விவரம் தந்து கேட்கும் கேள்விக்கும் இந்த அமைப்பு அப்படியே செல்லாது. அங்கே முதல் வரியிலேயே நோயின் பெயர் வந்துவிட வேண்டும்.

பல்கலைக்கழகத் தேர்வில் எஸ்ஸே இரண்டும் முடிந்தபோது மணி 10:46. நான்கு நிமிடம் தாமதம். இரண்டாவது எஸ்ஸேவில் ஒரு பத்தி பாக்கி இருந்தது. கால் பக்கம் இடம் விட்டு நகர்ந்துவிட்டேன். ஐந்து மதிப்பெண் கேள்விகள் 12:12க்குத்தான் முடிந்தன. சரிபார்க்க வைத்திருந்த பத்து நிமிடமும் அதோடு போயிற்று. மணி அடித்தபோது கடைசி 2 மதிப்பெண் கேள்வியின் கடைசி வரியில் இருந்தேன். விட்டுவைத்த கால் பக்கத்துக்குத் திரும்பிப் போக முடியவில்லை. ஒரு படத்தில் அச்சுக்கு அலகு எழுதாததும் வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் கேள்வி எதுவும் தொடப்படாமல் நிற்கவில்லை. 64 வந்தது.