கோத்தகிரியில் ஒரு அறை கம்ப்யூட்டர் வகுப்பு: பாமினி கொடுத்த தலைவலி

வீட்டின் முன்னறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து, இல்லத்தரசிகளுக்கும் பெரியவர்களுக்கும் அடிப்படைக் கம்ப்யூட்டரும் டைப்பிங்கும் சொல்லித் தருகிறேன். மேஜை, நாற்காலி, வயரிங் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. மவுஸ் பயம்கூட இரண்டாம் வாரத்தில் போய்விடும். டபுள் கிளிக் வேகத்தை செட்டிங்ஸில் குறைத்து வைத்து, சீட்டு விளையாட விட்டால் போதும். என்னை அலையவிட்டது தமிழ் ஃபாண்ட்.

கம்ப்யூட்டர் விற்ற சமவெளிக் கடைக்காரர், "தமிழ் எல்லாம் போட்டுத் தந்திருக்கேன் மேடம், அடிச்சா வரும்" என்றார். வந்தது. பாமினி ஃபாண்ட். பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையில் அடித்தால் திரையில் அழகான தமிழ். எங்கள் வகுப்பில் ஒரு அக்கா, மகளிர் குழுச் செயலாளர், குழுவின் தீர்மானத்தைத் தானே அடித்து முடித்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். மறுநாள் காலை வங்கியில் கொடுக்க வேண்டிய தாள் அது.

ஜெராக்ஸ் கடையில் திறந்தால், 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் `mk;kh` என்று நிற்கிறது. பக்கம் முழுக்க இப்படித்தான். கடைப் பையன் பார்த்துவிட்டு, "வைரஸ் அடிச்சிருச்சுக்கா" என்று சொல்லி ஃபைலையே அழித்துவிட்டான்! அக்கா மழையில் திரும்பி வந்து, "டீச்சர், நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்" என்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் அடித்ததில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை.

விஷயம் இதுதான். பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில் ஃபைலுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஃபாண்ட் அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அடித்தால் ஃபைலுக்குள்ளேயே தமிழ் எழுத்து இருக்கும். எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும். சந்தேகம் வந்தால், அடித்ததைத் தேர்ந்தெடுத்து ஃபாண்டை Arial என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் அப்படியே நின்றால் யூனிகோடு; ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய ஃபாண்ட்.

அன்று மாலையே நான்கு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் கீழ் தமிழ்99 கீபோர்டைப் போட்டேன். மொழியைச் சேர்க்கும்போது அதையே திரை மொழியாக வைக்கவா என்று ஒரு டிக் கேட்கும். அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெனு எல்லாம் தமிழாகி, பாடம் நடத்தும் நமக்கே எது எங்கே என்று தெரியாது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற Win + Space.

புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99 சுலபம். உயிர் எழுத்துகள் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'அம்மா' அடிக்க `akkq`. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். முதல் நாள் இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லோரையும் அதில் தள்ளக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த ஒருவர் வந்தார். அவர் விரலுக்குப் பழைய வரிசை மறக்கவே இல்லை. தமிழ்99-இல் தடுமாறித் தவித்தார். அவருக்கு மட்டும் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அதில் பழைய தட்டச்சு வரிசையிலேயே அடிக்கலாம், விழுவது யூனிகோடு. அப்புறம் வகுப்பிலேயே வேகம் அவர்தான்.

பாமினியில் ஏற்கெனவே அடித்து வைத்தவற்றை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை வாசித்துத் திருத்துங்கள். அச்சுக்கு அனுப்பும் எதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்கிறேன். ஃபாண்ட் உள்ளேயே போய்விடுவதால் கடைப் பையனுக்கு வைரஸ் தெரியாது.

கரண்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சின்ன யுபிஎஸ் சில நிமிடம் தாங்கும், சேமித்து அணைக்க அது போதும். ஆனால் குளிரிலும் ஈரத்திலும் வருடக்கணக்காகக் கிடந்த பேட்டரி அந்தச் சில நிமிடமும் தராது. மழைக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் Ctrl + S என்பதை வேகத்துக்கு முன்பே பழக்குகிறேன்.

வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது, "இங்க படிச்சா கவர்மெண்ட் டைப்பிங் பரீட்சை எழுதலாமா?" முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: என் அறை அங்கீகாரம் பெற்ற பயிலகம் இல்லை, லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டுமென்றால் அப்படி ஒன்றில் சேருங்கள் என்று. சிலர் அப்படியே திரும்பிப் போகிறார்கள். போகட்டும், கட்டணம் வாங்கிய பிறகு சொன்னால்தான் சண்டை.