மையநீக்கப் பம்பி வைவா: என்னிடம் கேட்டவை

கண்டியில் படித்த காலத்தில் பாய்மப் பொறியியல் லெப்பில் எனக்கு வாய்த்தது பம்பி வினைத்திறன் பரிசோதனை. வரைவிலக்கணத்தைச் சேர் கேட்கவே இல்லை. என் ரீடிங் தாளில் ஒரு வரியைத் தொட்டு, "இதைச் செய்து காட்டு" என்றார்.

தொட்டியின் அடிப்பரப்பு 0.25 சதுர மீற்றர். நீர்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயர 25 செக்கன். அப்படியென்றால் செக்கனுக்கு 2 லீற்றர். வெளியேற்றுப் பக்க கேஜில் 10 மீற்றர் நீர், உறிஞ்சு பக்க வெக்கியூம் கேஜில் 225 மில்லிமீற்றர் இரசம், அதாவது 3.06 மீற்றர் நீர். இரண்டு கேஜுக்கும் இடையே உயரம் அரை மீற்றர்.

"வெக்கியூம் என்றால் குறைவுதானே, ஏன் கூட்டுகிறாய்?" எனக்கு முன்னால் போனவள் இந்த இடத்தில்தான் திணறினாள். பம்பிக்குள் நுழையும் நீரின் அமுக்கம் வளிமண்டலத்துக்குக் கீழே 3.06 மீற்றரில் இருக்கிறது, வெளியே வரும்போது மேலே 10 மீற்றரில் நிற்கிறது. அந்த முழு இடைவெளியையும் ஏற்றியது பம்பிதான் என்றேன். இரு குழாய்களும் ஒரே விட்டம் என்பதால் வேக ஹெட் கழிந்துவிடும். மொத்த ஹெட் 13.56 மீற்றர்.

ρgQH = 1000 × 9.81 × 0.002 × 13.56 ≈ 266 W

மின்மானி ஐந்து சுற்றுக்கு 20 செக்கன் எடுத்தது. ஓர் யூனிற்றுக்கு 1200 சுற்று என்பதால் உள்ளே போன வலு 750 வற். 266ஐ 750ஆல் வகுத்தால் 35 சதவீதம். "இது பம்பியின் வினைத்திறனா?" இல்லை, மோட்டரும் சேர்ந்த மொத்த வினைத்திறன். மோட்டருக்கு 80 சதவீதம் என்று தந்திருந்தார்கள். தண்டுக்கு 600 வற் போகிறது, பம்பிக்கு மட்டும் 44 சதவீதம். எதைக் கேட்கிறார்கள் என்று தெளிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

வால்வை மூடித் தொடங்குவது ஏன் என்பது வழக்கமான கேள்வி. பாய்ச்சல் இல்லாதபோது இந்த வகைப் பம்பி எடுக்கும் வலு மிகக் குறைவு, மோட்டர் சிரமமின்றி வேகமெடுக்கும். உடனே அடுத்தது: "அப்போது ஹெட் உச்சத்துக்குக் கிட்ட இருக்கிறதே, வினைத்திறன்?" பூச்சியம். நீர் நகரவில்லை, வலு முழுக்கச் சூடாகிறது. அதனால் நெடுநேரம் மூடி வைக்கவும் கூடாது.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. "இதே ரிக்கை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால்?" வினைத்திறன் சூத்திரம் மாறாது. ஆனால் கடல்மட்டத்தில் 10.3 மீற்றர் நீருக்குச் சமமான வளிமண்டல அமுக்கம் அங்கே ஏறக்குறைய 8.2 மீற்றர்தான். நீரை உறிஞ்சு குழாயில் மேலே தள்ளுவது அந்த அமுக்கமே. ஆகவே ஆற்றிலிருந்து லயத்துக்கு நீர் ஏற்றும் தோட்டத்துப் பம்பியை நீர்மட்டத்துக்கு இன்னும் கிட்ட இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழிவாதல் தொடங்கும்: உள்ளே சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம், கேஜ் முள் நடுங்கும், ஹெட் சட்டென்று விழும். பாய்ச்சலை உறிஞ்சு வால்வில் குறைக்காமல் வெளியேற்று வால்வில் குறைப்பதும் இதற்காகத்தான் என்று சேர்த்துச் சொன்னேன். சேர் தாளை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.