எட்டாம் மாத நெஞ்செரிச்சல்: இரவுச் சாப்பாட்டிலிருந்து கட்டிலடிச் செங்கல் வரை

34வது வாரம். இரவு 9.30க்கு நான்கு தோசை, காரச் சட்னி, அதன் மேல் ஒரு சொம்பு தண்ணீர். 10 மணிக்குப் படுத்தால் 11.30க்குத் தொண்டை வரை புளிப்பு ஏறுகிறது. மிச்ச இரவு உட்கார்ந்தே கழிகிறது. பெரும்பாலும் பழி காரச் சட்னி மேல்தான் விழும். ஆனால் கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரான், உணவுக்குழாயின் அடிவாய் வளையத்தைத் தளர்த்திவிடுகிறது. கீழிருந்து கர்ப்பப்பையும் இரைப்பையை மேலே தள்ளுகிறது. அதனால் காரமே இல்லாத தயிர்ச்சோறுகூட, வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் எரியும்.

முதலில் மாற்ற வேண்டியது நேரம். கடைசிச் சாப்பாடு 7 மணிக்குள் முடிந்தால் படுப்பதற்கு மூன்று மணி நேர இடைவெளி கிடைக்கும். அந்த நான்கு தோசையை மாலை 5 மணிக்கு இரண்டு, 7 மணிக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு மொத்தமாகக் குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். எண்ணெயில் பொரித்தது, காபி, புதினா மூன்றையும் சில நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். புதினா செரிமானத்துக்கு நல்லது என்பார்கள். தளர்ந்த வளையத்தை அது இன்னும் தளர்த்தக்கூடும்.

அடுத்தது படுக்கை. தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆடாதபடி செங்கல் அல்லது மரக்கட்டை வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்தினால் முதுகு நேராகவே சரியும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும். வலப்பக்கம் படுத்தால் அமிலம் உணவுக்குழாயின் அடிவாயருகிலேயே தேங்கும். குழந்தைக்கு எந்தப் பக்கமும் சரிதான், மல்லாந்து மட்டும் வேண்டாம். தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், விழித்ததும் திரும்பிக்கொண்டால் போதும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மருந்து. பொதுவாகப் பாதுகாப்பானவை என்று கருதப்படுவது கால்சியம் கார்பனேட் மாத்திரையும் ஆல்ஜினேட் சிரப்பும். ஆல்ஜினேட் இரைப்பையில் நுரைப் படலமாக மிதந்து அமிலத்தைத் தடுக்கும்; அதனால் சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் குடிக்க வேண்டும், மேலே தண்ணீர் குடித்துக் கலைக்கக் கூடாது. ஏற்கெனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மொத்த அளவை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அமில மருந்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஃபமோடிடின், ஒமிப்ரசோல் போன்றவற்றை டாக்டர் எழுதித் தந்தால் எடுக்கலாம். சமையல் சோடாவும் நுரைக்கும் ஈனோ வகைப் பொடிகளும் வேண்டாம்: அவற்றின் சோடியம் உடலில் நீரைத் தேக்கும். ஆஸ்பிரின் கலந்த நுரை மாத்திரைகளும் ஆகாது.

எரிச்சலாக இல்லாமல் வலது விலாவுக்குக் கீழே வலியாக இருந்து, தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மருந்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு இப்படியும் தொடங்கும். ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பு என்றாலும் காத்திருக்கக் கூடாது. மலம் கறுத்திருந்தால் இரும்பு மாத்திரையாலும் இருக்கலாம். தாரைப் போலப் பிசுபிசுத்து நாறினால் அது வேறு, அன்றே காட்ட வேண்டும்.