அனுமதி ரயிலுக்கு இல்லை, பெட்டிக்கு

இரண்டு ரயில் மாறிப் போய், திரும்பும்போது பஸ்ஸில் வந்த பயணம் இது. கூடவே சைக்கிள். மடிக்கிற சைக்கிள் இல்லை, முழு அளவு வண்டி. மட்கார்டு, கேரியர் எல்லாம் உண்டு. மடிக்கிற சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை அவ்வளவாகத் தேவைப்படாது. மடித்து உறையில் போட்டுவிட்டால் பெரும்பாலான இடங்களில் அது பெட்டி படுக்கையோடு சேர்த்தி.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே உதவி எண்ணுக்குப் போன் செய்து, "சைக்கிள் கொண்டுவரலாமா?" என்று கேட்டேன். "தாராளமா கொண்டு வாங்க சார்." நம்பினேன். தப்பு அவரிடம் பாதி, என் கேள்வியில் பாதி. எந்த ரயில், எத்தனை மணி வண்டி, எந்த நாள் என்று நான் கேட்கவே இல்லை. அவரும் எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

முதல் ரயில் அந்த ரகம்தான். கதவில் சைக்கிள் படம் போட்ட பெட்டியில் ஏறினேன். ஆனால் உள்ளே முன்சக்கரத்தை மேலே மாட்டித் தொங்கவிடும் கொக்கி. என் டயரும் மட்கார்டும் சேர்ந்த தடிமனுக்கு அந்தக் கொக்கி வாய் திறக்கவில்லை. இந்தக் கொக்கிகள் பெரும்பாலும் ஒல்லி டயரை நினைத்துச் செய்தவை. ஒரு மணி நேரமும் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கதவோரம் என்பதால் ஒவ்வொரு நிலையத்திலும் நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை.

சந்திப்பு நிலையத்தில் விரைவு ரயில் வந்து நின்றது. சைக்கிள் படத்தைத் தேடி பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடினேன். எந்தப் பெட்டியிலும் இல்லை. டிக்கெட் பரிசோதகர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இந்த வண்டியில சைக்கிளுக்குன்னு இடமே கிடையாது. பையில கட்டி லக்கேஜா கொண்டு வந்தா ஏத்தலாம்."

"போன்ல சரின்னு சொன்னாங்களே?"

"போன்ல சொன்னவங்க வந்து ஏத்துவாங்களா?"

வண்டி கிளம்பிவிட்டது.

பை மட்டும் என்னிடம் இருந்தது. யாரோ சொன்னார்களே என்று கடைசி நேரத்தில் சுருட்டி வைத்திருந்தேன். அடுத்த விரைவு ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம். நிலைய அலுவலகத்தில் கேட்டதும் லக்கேஜுக்கான அளவைச் சொன்னார்கள்: நீளம் 120 சென்டிமீட்டர், உயரம் 90. முன்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். முழு வண்டி 175 வரும். முன்சக்கரம் போனால் 140. அடங்கவில்லை. பின்சக்கரத்தையும் கழற்றினால் 110தான். ஆனால் டேப்பை வைத்தால் அப்போதும் 140 காட்டியது! சக்கரம் போன பிறகும் பின் மட்கார்டு அதே வளைவில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் போல்ட்டுகளைக் கழற்றி, கேரியரையும் எடுத்த பிறகுதான் நீளம் வழிக்கு வந்தது. உயரம், சீட்டை அடிவரை இறக்கியதும் அடங்கிவிட்டது.

அடுத்தது பெடல். வலது பெடல் உடனே வந்துவிட்டது. இடது பெடலில் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. கால் மணி நேரம் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பக்கம் என்றாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் கழலும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கடிகார திசை, எதிர் திசைக் குழப்பமே வராது. வீட்டிலேயே ஒருமுறை கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டி வைத்திருந்தால் என் விரல் முட்டி உரிந்திருக்காது.

பின்சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் செயினோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சக்கரம் இல்லாதபோது பிரேக்கைத் தொடவே கூடாது. இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டால் திரும்ப டிஸ்க் நுழையாது. நான் டிக்கெட் அட்டையை நான்காக மடித்து இடையில் செருகிவைத்தேன். கியர் மாற்றும் டெரெய்லரையும் அவிழ்த்து, ஃபிரேமின் உள்பக்கம் கட்டிவிட்டேன். பை சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான்.

ஜப்பானில் இப்படிப் பையில் கட்டி ரயிலேற்றுவதற்கு 'ரிங்கோ' என்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கே ஜேஆர் என்ற ரயில் நிறுவனங்களின் வண்டிகளில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சைக்கிள் முழுவதும் பைக்குள் இருக்க வேண்டும். சீட் கொஞ்சம் வெளியே எட்டிப்பார்த்தாலும் ஆகாது. பழகியவர்கள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

அடுத்த ரயிலில் அதே பரிசோதகர் இல்லை. வந்தவர் பையைப் பார்த்தார், அளக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பையை நிறுத்தினேன். பெரிய பைக்குப் பல பெட்டிகளில் இருக்கும் ஒரே நல்ல இடம் அதுதான். ஆனால் முதலில் ஏறுபவருக்கே கிடைக்கும். பெல்ட்டோ கயிறோ போட்டுக் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திரும்பும்போது பஸ். டிக்கெட்டில் "இடமிருந்தால் ஏற்றப்படும்" என்று ஒரு வரி. அந்த வரிக்கு அர்த்தம், டிரைவர் சொல்வதே சட்டம். வழியில் ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முதல் பஸ் வந்தது, டிரைவர் கீழ்க்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே சூட்கேஸ்கள் கூரை வரை. அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ரயில் ஓடாத நாளில் அதற்குப் பதிலாக விடும் பஸ்களிலும் இதே நிலைமைதான்; ரயிலுக்கு எடுத்த சைக்கிள் டிக்கெட்டை அங்கே காட்டி வாதாடுவது வீண். தாழ்தளப் பஸ் வந்துவிட்டால் கீழே லக்கேஜ் அறையே இருக்காது.

சரி என்று, பஸ் கிளம்பும் நிலையத்துக்கே போனேன். அரை மணி முன்னதாக. அறை காலி. பையைக் கடைசி வரை உள்ளே தள்ளி, செயின் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்தேன். மற்றவர்களின் சூட்கேஸ் பக்கத்தில் வரட்டும், மேலே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். டிரைவர் தலையாட்டினார். இறங்கும் இடத்தை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். இருந்தும், நான் இறங்கியதும் கதவை மூடி அவர் கியர் போட்டுவிட்டார். நல்லவேளை, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி நிறுத்தினேன்.

வீட்டில் பிரித்து மாட்டினேன். ரிம் நேராக இருந்தது, டெரெய்லரும் தப்பித்தது. பின் மட்கார்டு மட்டும் கடகடவென்று ஆடுகிறது. அதன் போல்ட் ஒன்று அந்தச் சந்திப்பு நிலையத்துப் பிளாட்பாரத்தில்தான் எங்கோ கிடக்கிறது.