பொது மண்டபப் படங்களைக் குழுவின் முன் வைத்தபோது: ஏழு நிமிடப் பேச்சும் மூன்று கேள்விகளும்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் உள்ள ஒரு வீடமைப்புத் திட்டத்துக்குப் பொது மண்டபம் கட்டுவதற்காகக் கணினியில் வரைந்த ரெண்டர் படங்களை அதன் நிர்வாகக் குழுவுக்குக் காட்டி, பதில் வாங்கிய முறை இது. சனசமூக நிலையம், கோயில் மடம், பாலர் பாடசாலை என்று இப்படியான சிறு கட்டடங்களுக்குப் படம் காட்டப் போகிறவர்களுக்கு உதவும்.

ரெண்டர் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. அது முடிந்த கட்டடம் மாதிரித் தெரியும். பூச்சும் கண்ணாடியும் வானமும் வந்துவிட்டால், பார்ப்பவர் இனி மாற்ற ஒன்றுமில்லை என்று நினைப்பார், அல்லது நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவார். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “வடிவாயிருக்கு” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்து அத்திவாரக் கோடு போட முடியாது. ஆகவே பேச்சின் வேலை, ஒவ்வொரு படத்திலும் எது முடிவானது, எது படத்தை நிரப்பப் போட்டது, எது உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வது.

கட்டடம் 50 அடிக்கு 30 அடி. நீளப் பக்கம் வடக்குத் தெற்காக, வீதிக்குச் சமாந்தரமாக இருக்கிறது. வீதி கிழக்கே. மேடை தெற்கு முனையில் 12 அடி ஆழம். மேற்குச் சுவர் முழுக்கப் பெரிய யன்னல்கள். குசினி, கண்ணில் படாதபடி பின்பக்கம் தென்மேற்கு மூலையில்.

பேச்சை எழுதுமுன் படங்களைச் சரி பார்க்க வேண்டும். முதலில் வெயில். வரைகலை மென்பொருளில் இடத்தை நாமே கொடுக்காவிட்டால், அது வேறு நாட்டு நகரமொன்றின் சூரியனை வைத்து நிழல் போட்டுவிடும். திருகோணமலைக்கு அகலக்கோடு 8.57 வடக்கு, நெடுங்கோடு 81.23 கிழக்கு, நேரம் `UTC+5:30`. சரியாகக் கொடுத்தோமா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு: ஜூன் 21 மதியம் என்று வைத்துப் பார்த்தால் நிழல் சிறியதாகத் தெற்குப் பக்கம் விழ வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு மதியச் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. நிழல் வடக்கே விழுந்தால் இடம் பிழை. அந்தப் படத்தை வைத்து நிழலைப் பற்றி எதுவும் பேசக் கூடாது.

அடுத்தது நேரம். வரைபவர்கள் விரும்பி எடுப்பது காலை ஒன்பது மணி வெளிச்சம், ஏனென்றால் வீதிப் பக்கம் பளிச்சென்று வரும். ஆனால் மண்டபம் நிறைவது பின்னேரத்தில். ஜூன் மாதம் நாலு மணிக்குச் சூரியன் மேற்கே, சற்று வடக்காக, அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில் நிற்கும். 4 அடி நீட்டிய கூரை அந்த நேரத்தில் சுவரில் இரண்டே முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். யன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஏழரை அடியில், கூரை விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், வெயில் உள்ளே 7 அடி தூரம் தரையில் விழும். ஐந்து மணிக்கு அது ஏறத்தாழ 17 அடி, அதாவது மண்டப அகலத்தில் பாதிக்கு மேல். இந்தப் படத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். வெளிநாட்டு வெளிச்சத்தில் வரைந்த அழகான படத்தை விட, கதிரைகளின் மேல் வெயில் விழும் இந்த ஒரு படம் குழுவுக்கு அதிகம் சொல்லும்.

கமெராவும் ஏமாற்றும். 18 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் 30 அடி மண்டபம் 50 அடி போலத் தெரியும். 28க்கும் 35க்கும் இடையில் வைத்து, கண் மட்டத்தை 5 அடியில் நிறுத்துவது நேர்மையானது. சுவர் குறுக்கிட்டால் கமெராவை வாசலுக்கு வெளியே நகர்த்தலாம், லென்ஸை விரிக்க வேண்டாம். உள்ளே போடும் கதிரைகளும் உண்மையான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மேடை போக மிஞ்சுவது 1140 சதுர அடி. வரிசைக் கதிரை என்றால் ஆளுக்கு 7 சதுர அடி, ஆக 160 பேர் வரை. மேசை போட்டுச் சாப்பாடு என்றால் ஆளுக்கு 12 சதுர அடி, 95 பேர். படத்தில் நாற்பது கதிரையைத் தூவிவிட்டு “விசாலம்” என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று, சரிவுப் பாதை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நிலம் என்பதால் தரைமட்டம் வீதியிலிருந்து 2 அடி உயர்த்தப்பட்டிருக்கிறது. ஓர் அடி ஏற 12 அடி என்ற கணக்கில் சக்கர நாற்காலிக்கான சரிவு 24 அடி நீளம் வரும். முன்பக்கத்தில் கிட்டத்தட்டப் பாதி அது. பல ரெண்டர்களில் புல்தரை தரைமட்டம் வரை எழும்பி வந்து இந்தச் சரிவையும் படிகளையும் விழுங்கிவிடும். முதல் படத்திலேயே அது தெரிய வேண்டும்.

படங்கள் நான்கு போதும்: வீதியிலிருந்து முகப்பு, நாலு மணி வெயிலில் உட்புறம், மேலிருந்து முழுக் காணி, குசினிப் பக்கம். திரையில் காட்டினாலும் ஏ3 தாளில் அச்சடித்து மேசையில் வைக்க வேண்டும். பகல் கூட்டத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் மங்கிவிடும்; தாளில் பேனையால் கீறிக் காட்டவும் முடியும்.

பேச்சு இப்படி அமைந்தது:

“தலைவர் ஐயா, செயலாளர், குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். நாலு படம் இருக்குது, மூன்று கேள்வி இருக்குது. ஏழு நிமிசத்துக்குள்ள முடிச்சுப்போட்டு உங்கட கதையைக் கேக்கிறம்.

முதல்ல, இதில முடிவானது எது எண்டு சொல்லிவிடுறன். மண்டபத்தின்ர அளவு, காணியில அது நிக்கிற இடம், கூரையின்ர உருவம், வாசலுக்குப் பக்கத்தில போற இந்தச் சரிவு. இதுகள் காணி எல்லையையும் உங்கட காசையும் பாத்துப் போட்டது. சுவர் நிறம், மரங்கள், கதிரை, வானம் எல்லாம் படத்துக்காகப் போட்டது. நிறத்தைப் பற்றி இண்டைக்குக் கதைக்க வேண்டாம், பூச்சு நேரம் கதைப்பம்.

முதல் கேள்வி விறாந்தை. இருக்கிற காசுக்கு 8 அடி விறாந்தை ஒரு பக்கம்தான் போடலாம். கிழக்கில போட்டால் வீதியில இருந்து பாக்க வடிவு, வாற ஆக்கள் நிக்கலாம். ஆனால் கார்த்திகை மார்கழியில வாடைக்காற்றோட சாரல் உள்ள வரும். மேற்கில போட்டால் நாலு மணி வெயில் யன்னலில படாது. ரெண்டாவது படத்தில வெயில் எங்க விழுகுது எண்டு பாருங்கோ. யன்னலைச் சின்னதாக்கலாம்தானே எண்டு நினைப்பியள். ஆக்கினால் வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் அடிக்கிற கச்சான் காற்றும் அடைபட்டுப் போகும்.

ரெண்டாவது, குசினி. இப்ப தென்மேற்கு மூலையில இருக்கு. விறகு அடுப்பு வைச்சால் கச்சான் காலத்தில புகை நேரா மண்டபத்துக்குள்ளதான் போகும். தென்கிழக்கு, அதுதான் அக்கினி மூலைக்கு மாத்தினால் புகைப் பிரச்சினை இல்லை. ஆனால் முன்னுக்கு ரெண்டு வாகனம் விடுற இடம் போகும், குசினி கேற்றில இருந்து தெரியும். காஸ் அடுப்பு மட்டும்தான் எண்டால் இருக்கிற இடத்திலயே விடலாம்.

மூன்றாவது, மேடை. கட்டின மேடையோ, கழட்டி வைக்கிற பலகை மேடையோ? கட்டினால் 360 சதுர அடி நிரந்தரமாய்ப் போகும். சாப்பாட்டு மேசைக் கணக்கில அது 30 ஆக்கள்.

பதில் பத்து நாளுக்குள்ள, எழுத்தில, செயலாளர் ஊடாக வேணும். அதுக்குப் பிறகு கம்பி, கொங்கிறீற் வரைபடம் தொடங்குது. நன்றி.”

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு பக்கத்தின் இழப்பும் சொல்லப்படுவது. ஒரு பக்க நன்மையை மட்டும் சொன்னால் குழு தலையாட்டும். பிறகு கட்டும்போது மறுபக்கத்தைக் கண்டுபிடித்துச் சண்டை வரும். நம் விருப்பம் எது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லலாம், ஆனால் பேச்சுக்குள் அதை நுழைக்கக் கூடாது. இந்தக் காணிக்கு எங்கள் விருப்பம் மேற்கு விறாந்தை. கேட்ட பிறகே அதைச் சொன்னோம்.

பேச்சு முடிந்ததும் முதலில் பேசுபவர் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அதைத் தடுக்க, கேள்வி மூன்றும் அச்சடித்த ஒரு தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஐந்து நிமிடம் மௌனமாக எழுத விட்ட பிறகு பேச்சைத் திறப்பது நல்லது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘ஏன்’ என்று இரண்டு வரி இடம். அந்த இரண்டு வரிதான் உண்மையில் வேண்டியது. “கிழக்கு” என்று மட்டும் எழுதினால் ஒரு வாக்கு. “கிழக்கு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர்கள் மழையில் நிற்கிறார்கள்” என்று எழுதினால், வாசலுக்கு மேல் மட்டும் ஒரு சிறு கூரை போட்டு விறாந்தையை மேற்கிலேயே வைக்கலாம் என்ற மூன்றாவது வழி திறக்கிறது.

குசினிக் கேள்வியைக் குழுவோடு நிறுத்தக் கூடாது. சாமத்தியவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் கந்தூரிக்கும் கிடாரத்தின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் குழுவில் இருப்பதில்லை. நாலாவது படத்தின் பிரதியை மாதர் சங்கத்திடமும் சமையல்காரரிடமும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கிடாரம் கதவால் போகுமா, கழுவும் தண்ணீர் எங்கே ஓடும், விறகு லொறி எதுவரை வரும் என்ற மூன்றும் அங்கிருந்துதான் வரும். ரெண்டரில் கதவு 3 அடி என்றிருந்தால் யாருக்கும் உறுத்தாது. பெரிய கிடாரத்தை இருவர் தூக்கிவரும்போது 4 அடி வேண்டும்.

பத்து நாள் என்ற கெடுவுக்குக் காரணத்தைக் கேட்பார்கள். கடற்கரையின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டருக்குள் காணி இருந்தால், உள்ளூராட்சி சபை அனுமதியோடு கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. விண்ணப்பம் போன பின் குசினி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனால் காணிப் படம் மாறும், மலக்குழியின் இடம் மாறும், திருத்திய வரைபடம் மீண்டும் போக வேண்டும். விறாந்தை பக்கம் மாறினால் தூண்களும் அத்திவாரமும் மாறும். மேடை மட்டும் பிறகு மாறினாலும் பெரிய நட்டமில்லை; ஆகவே குழு ஒன்றில் இழுபட்டால் மேடையைத் தள்ளிப்போடலாம், மற்ற இரண்டையும் விடக் கூடாது.

பதில்கள் வந்ததும் கூட்டறிக்கையில் “படங்கள் அங்கீகரிக்கப்பட்டன” என்று எழுத விட வேண்டாம். அப்படி எழுதினால் படத்திலுள்ள மரமும் நிறமும் கண்ணாடியும் எல்லாம் சேர்ந்து வாக்குறுதியாகிவிடும். “விறாந்தை மேற்கில், குசினி தென்கிழக்கில், மேடை முடிவு ஒத்திவைப்பு” என்று முடிவுகள் தனித்தனியாக, படத்தின் இலக்கமும் திகதியும் போட்டுப் பதியப்பட வேண்டும். திருத்திய படங்களை அனுப்பும்போதும் மாறிய இரண்டை மட்டும், மாறிய இடத்தைச் சிவப்பால் வளைத்து அனுப்பினால் போதும். நான்கையும் புது வானத்தோடு அனுப்பினால் முடிந்த கேள்விகள் எல்லாம் திரும்பத் திறந்துவிடும்.