மூன்று நிறமும் கூடி வெள்ளை ஆகாத டிவிக்கு 3டி லட் செய்த அனுபவம்

குறுவை நடவு பற்றி பாபநாசம் பக்கம் எடுத்த ஒரு சின்ன ஆவணப்படத்தை, கும்பகோணத்தில் என் எடிட் அறையில் இருக்கும் 4கே எல்இடி டிவியைப் பார்த்துத்தான் கிரேடிங் செய்தேன். நாற்று மங்கலாகத் தெரிந்தது, பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன். இயக்குநர் வீட்டு லேப்டாப்பில் படம் ஓடியபோது அவருடைய அப்பா, "என்ன தம்பி, பயிருக்கு பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வயலிலேயே இருப்பவர், அவர் கண்ணை நான் நம்புகிறேன். என் போனில் பார்த்தாலும் பச்சை எரிந்தது.

இதில் எனக்குப் புரியாதது என்னவென்றால், ஒரு மாதம் முன்புதான் கலரிமீட்டர் வைத்து டிஸ்ப்ளேகால் மென்பொருளில் அந்த டிவியை அளந்து, அதன் நிறம் எப்படி என்று சொல்லும் ப்ரொஃபைல் எடுத்திருந்தேன். கிரேடிங் செய்யும் ரிசால்விலிருந்து தனி வீடியோ அவுட்புட் கார்டு வழியாகப் போகும் சிக்னலை விண்டோஸில் போட்ட ப்ரொஃபைல் தொடாது. அதனால் அந்த ப்ரொஃபைலை வைத்தே, வரும் நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றும் அட்டவணையான 33 புள்ளி 3டி லட் ஒன்றும் செய்து போட்டிருந்தேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள் எல்லாம் சுத்தம், எங்கேயும் சாயம் இல்லை.

அப்புறம்தான் எப்போதோ செய்திருக்க வேண்டிய ஒரு சோதனையைச் செய்தேன். முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், முழு வெள்ளை, இந்த நான்கை மட்டும் அளந்தேன். வெளிச்சம் சிவப்பில் 19 நிட், பச்சையில் 63, நீலத்தில் 6.5. கூட்டினால் 88.5. வெள்ளையோ 120 காட்டியது! ஒழுங்கான திரையில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு சதவீதம் தள்ளியிருந்தால் பரவாயில்லை. இந்த பேனலில் மூன்று நிறத்தோடு நான்காவதாக ஒரு வெள்ளைத் துணைப் புள்ளியும் இருக்கிறது. சாம்பலும் வெள்ளையும் வரும்போது அது கைகொடுக்கிறது, அடர்ந்த நிறம் வரும்போது விலகிக்கொள்கிறது. அதனால் வெள்ளையோடு ஒப்பிட்டால் நாற்றுப் பச்சை இருக்க வேண்டியதைவிட இருட்டாகத் தெரியும். நான் ஏற்றியது அந்த இருட்டைத்தான்.

சாதாரண மேட்ரிக்ஸ் ப்ரொஃபைல் என்பது மூன்று நிறமும் மூன்று வளைவும்தான். மூன்றையும் கூட்டினால் எந்த நிறமும் வந்துவிடும் என்று அது நம்புகிறது. பச்சை வளைவை உயர்த்தினால் சாம்பலும் பச்சையாகிவிடும். சிவப்பும் நீலமும் குறைவாக இருக்கும்போது மட்டும் பச்சையை ஏற்று என்று சொல்ல, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை வேண்டும். 3டி லட் செய்வது அதைத்தான். ஆனால் என் பழைய லட் மேட்ரிக்ஸ் ப்ரொஃபைலிலிருந்து பிறந்தது, அதனால் அதே தப்பை 35,937 வரியில் எழுதி வைத்திருந்தது. கட்டம் எத்தனை என்பதில் ஒன்றும் இல்லை, அளவீடு எத்தனை, எந்த மாதிரியில் பொருத்தினோம் என்பதில்தான் எல்லாம்.

இரண்டாவது முறை டிவியில் நிறத்தைத் தானாக மாற்றும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சூடேற விட்டேன். ப்ரொஃபைல் வகையை `XYZ LUT` என்று மாற்றி, சுமார் 1000 நிறங்கள் அளக்க வைத்தேன். இருட்டு நிறங்களுக்கு மீட்டர் நிறைய நேரம் எடுக்கும், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாதியில் கரண்ட் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர மனசு வரவில்லை, ஆறிய பேனல் வேறு மாதிரி காட்டும். மறுபடி சூடேற்றி முதலிலிருந்து அளந்தேன், இந்த முறை டிவியும் இன்வெர்ட்டரில். இலக்கு, எச்டி வீடியோவின் நிறத் தரமான ரெக் 709-ம் அதன் வெளிச்ச வளைவான பிடி 1886-ம். கிடைத்த கோப்பின் தலை இப்படி இருக்கும்:

```
LUT_3D_SIZE 33
```

இதை கிரேடிங் நோடில் போடக் கூடாது, போட்டால் ரெண்டரிலும் ஏறிவிடும். ரிசால்வில் `Color Management` பக்கத்தில் `Video monitor lookup table` என்ற இடத்தில் போட வேண்டும், அப்போது திரைக்கு மட்டும்தான் போகும்.

சரிபார்க்க அளந்த நிறங்களையே திரும்ப எடுக்காமல் வேறு தொகுப்பு எடுத்தேன். நிறப் பிழையைச் சொல்லும் டெல்டா இ சராசரியாக 4.8-லிருந்து 1.2-க்கு வந்தது. முழு அடர்த்திப் பச்சை, சிவப்பு போன்ற மூலைகளில் மட்டும் பிழை அப்படியே நின்றது. 120 நிட் வெள்ளைக்கு ரெக் 709 பச்சை 86 நிட் கேட்கும், பேனலில் இருப்பது 63. இல்லாத வெளிச்சத்தை எந்த லட்டும் கொண்டுவராது. நாற்று, மண், தோல் எல்லாம் அந்த மூலைக்கு வெகு உள்ளே இருப்பதால் அவை சரியாக விழுந்தன. திருபுவனம் பட்டின் அடர் சிவப்பு வரும் கல்யாண வீடியோவுக்கு மட்டும் இந்தத் திரையை இப்போதும் நம்புவதில்லை.

மேசையில் இருக்கும் ஐபிஎஸ் மானிட்டரையும் அதே நான்கு அளவில் பார்த்தேன். கூட்டலும் வெள்ளையும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. அதற்கு 1000 நிறம் அளக்கவில்லை, மேட்ரிக்ஸ் ப்ரொஃபைலிலிருந்து எடுத்த லட்டே போதுமாக இருந்தது. படத்தை டிவியில் மறுபடி திறந்து பச்சையை இறக்கி அனுப்பினேன். "இது நடவு முடிஞ்சு பத்து நாள் பயிர்" என்று இயக்குநரின் அப்பா நாள் கணக்கையே சொல்லிவிட்டாராம்.