வயசைக் குறைச்சா போதும்

"ஹங்கேரில அரசு நீதித்துறையைக் கைக்குள்ள போட்டுக்கிச்சுன்னு சொல்றீங்களே, ஒரு ஜட்ஜையாவது டிஸ்மிஸ் பண்ணாங்களா, காட்டுங்க"ன்னு இன்னைக்கு ஒருத்தர் கமெண்ட்ல சவால் விட்டிருந்தார்.

டிஸ்மிஸ் எதுக்குங்க?

ஹங்கேரில 2012-ல பிரதமர் ஆர்பனோட அரசு நீதிபதிகளோட ஓய்வு வயசை 70-லேர்ந்து 62-ஆ குறைச்சுது, அவ்ளோதான், சீனியர் நீதிபதிங்க 200 பேருக்கு மேல வீட்டுக்குப் போகவேண்டிய நிலைமை, அதுல கோர்ட் தலைவர்களும் நிறைய. காலியான இடத்துக்கு ஆள் போடற அதிகாரம் யார்கிட்ட? புதுசா உண்டாக்கின நீதித்துறை அலுவலகத்தோட தலைவர்கிட்ட. அவங்க அப்போ ஆளுங்கட்சியோட ஐரோப்பிய நாடாளுமன்ற எம்.பி.யா இருந்தவரோட மனைவி! (இதெல்லாம் ஒளிவுமறைவாகூட நடக்கல.)

அதே வருஷம் நவம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் இது வயசுப் பாகுபாடு, ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானதுன்னு சொல்லிடுச்சு.

சரி, ஜெயிச்சாச்சு. ஆனா திரும்பி வந்தா தலைவர் நாற்காலில வேற ஆள். பலர் நஷ்டஈட்டை வாங்கிட்டு ஒதுங்கிட்டாங்க.

சட்டப்படி ஒருத்தரையும் டிஸ்மிஸ் பண்ணலதான்.